கூடுதலாக இருபது ரூபாய்

கண்டக்டர் பையில் பணம் குறைந்தால் கேள்வி வரும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பணம் கூடினாலும் கேள்வி வரும் என்பது பலருக்குத் தெரியாது.

நடுவழியில் வண்டியை மறித்து ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டர், டிக்கெட்டுகளைப் பார்த்து முடித்ததும் பையை வாங்கி எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை கிழித்த டிக்கெட்டுகளின் கணக்குப்படி 1,270 ரூபாய் இருக்க வேண்டும். இருப்பதோ 1,290. நிர்வாகத்துக்கு இருபது ரூபாய் லாபம்தானே என்று நினைக்கத் தோன்றும். இன்ஸ்பெக்டர் அப்படி நினைக்க மாட்டார். அந்த இருபது ரூபாய் எந்தப் பயணி கொடுத்தது, அவருக்கு டிக்கெட் எங்கே என்றுதான் கேட்பார். பணம் குறைந்திருந்தால் அது கவனக்குறைவாக இருக்கலாம், மீதிச் சில்லறை தவறுதலாகக் கூடுதலாகப் போயிருக்கலாம். கூடியிருந்தாலோ, காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காமல் விட்டதன் அடையாளமாக அது இருக்கலாம்.

அதனால்தான் பணிக்குப் புறப்படும் முன்பே, சட்டைப் பையில் இருக்கும் சொந்தப் பணம் எவ்வளவு என்று கண்டக்டர் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு மருந்து வாங்க எடுத்துவந்த 200 ரூபாயை எழுதாமல் விட்டால், மதியச் சோதனையில் அது யாரோ பயணியின் பணமாகிவிடும்.

தினமும் இரவு பணிமனையில் நடக்கும் கணக்குச் சரிபார்ப்புக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. விற்ற டிக்கெட்டுக்கு உரிய பணம் வந்து சேர்ந்ததா என்பது ஒன்று. ஏறிய எல்லோருக்கும் டிக்கெட் கொடுக்கப்பட்டதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தபடியே பதில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதற்கு எந்தப் பேரேட்டிலும் பதில் கிடையாது. பதில் ஓடும் வண்டியில் இருக்கிறது, பயணி இறங்கிப் போனதும் அதுவும் போய்விடுகிறது. டிக்கெட் கட்டு போய் மெஷின் வந்து, மெஷினில் க்யூஆர் கோடும் வந்த பிறகும் இந்தப் பிரிவினை மாறவில்லை.

எண்ணே கணக்கு

டிக்கெட் கட்டுக் காலத்து முறையை முதலில் பார்ப்பது நல்லது. இப்போதைய மெஷின் செய்வதும் அடிப்படையில் அதையேதான்.

பத்து ரூபாய், பதினைந்து ரூபாய், இருபது ரூபாய் என்று ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனித்தனிக் கட்டு, ஒவ்வொரு டிக்கெட்டிலும் வரிசை எண். பணிமனையில் கட்டுகளை வாங்கும்போதே ஒவ்வொன்றிலும் மேலே இருக்கும் டிக்கெட்டின் எண் வே பில்லில் ஏறிவிடும். வாங்கிய நேரத்திலிருந்து அந்தக் காகிதம் பணத்துக்குச் சமம். கூட்டத்தில் ஒரு கட்டைத் தொலைத்தால் காகித விலை கட்டினால் போதாது, அதில் அச்சிட்டிருக்கும் தொகையைக் கட்ட வேண்டும்.

வழித்தடம் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் கண்டக்டர் ஒவ்வொரு கட்டிலும் அடுத்துக் கிழிக்க வேண்டிய டிக்கெட்டின் எண்ணை எழுதுகிறார். எத்தனை பேர் ஏறினார்கள், யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்றெல்லாம் எழுதுவதில்லை. எண்ணை மட்டும்தான் எழுதுகிறார். ஊர் வரும் முன்பே வண்டியை ஓரமாக நிறுத்தி, "டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துக்கங்க" என்று குரல் கொடுத்துவிட்டு அவர் ஏதோ எழுதுவதைப் பார்த்து நாம் எரிச்சல்பட்டிருப்போம். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு டிரிப்பை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. பத்து ரூபாய்க் கட்டு 400இல் தொடங்கி 431இல் நிற்கிறது. விற்றது 31, தொகை 310. பதினைந்து ரூபாய்க் கட்டு 120இலிருந்து 142. விற்றது 22, தொகை 330. இருபது ரூபாய் 55இலிருந்து 73. பதினெட்டு டிக்கெட், 360. முப்பது ரூபாய் 210இலிருந்து 219. ஒன்பது டிக்கெட், 270. மொத்தம் 1,270 ரூபாய், எண்பது டிக்கெட். கழித்தலும் பெருக்கலும் தெரிந்த யார் வேண்டுமானாலும் இதைப் போட்டுப் பார்க்கலாம். பத்து மணி நேரம் கழித்து, கண்டக்டர் முகத்தையே பார்த்திராத ஒரு கிளார்க்கும் போட்டுப் பார்க்கலாம்.

இதில் அதிகம் நடக்கும் பிழை எண்களை இடம் மாற்றி எழுதுவது. குலுங்கும் வண்டியில் நின்றுகொண்டு 431 என்பதை 413 என்று எழுதிவிட்டால் அந்த டிரிப்பில் 18 டிக்கெட் குறைந்து தெரியும். பத்து ரூபாய்க் கட்டில் அது 180 ரூபாய். பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். அனுபவப்பட்ட கணக்கர் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். வகுபட்டால் பணத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு எழுத்தைத் தேடுவார். கண்டக்டர் அடுத்த டிரிப்பை 413 என்றே தொடங்கியிருந்தால் முதல் டிரிப்பில் குறைந்த 18 அடுத்த டிரிப்பில் கூடிவிடும். நாள் கணக்கு சரியாகவே வந்துவிடும். ஆனால் அந்த இரண்டு டிரிப்புக்கு நடுவே இன்ஸ்பெக்டர் ஏறியிருந்தால், வே பில்லின்படி 1,090 ரூபாய் இருக்க வேண்டிய பையில் 1,270 இருக்கும். 180 ரூபாய் கூடுதல்! நேர்மையான ஆள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

கூடுதலுக்கு இன்னொரு அப்பாவிக் காரணமும் உண்டு. காலை முதல் டிரிப்பில் எல்லோரும் நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார்கள். "அண்ணே, மீதி?" என்று கேட்டால் "எறங்கும்போது வாங்கிக்கம்மா" என்று டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுக்கிறார். இறங்கும் அவசரத்தில் அந்த அம்மா மறந்துவிடுகிறார். அந்தப் பாக்கி பையிலேயே தங்கிவிடுகிறது. கண்டக்டரிடம் அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரமாக இருக்கும் டிக்கெட் அந்த அம்மாவின் பர்ஸில் இருக்கிறது.

வழியில் நடக்கும் தணிக்கை

ஸ்டேஜ் எண் பணத்தை மட்டும் சொல்வதில்லை, நேரத்தையும் இடத்தையும் சொல்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

இறங்கும் பயணிகளிடம் டிக்கெட்டைத் திரும்ப வாங்கி, பிறகு ஏறுபவர்களுக்கு அதையே கொடுத்துக் காசை எடுத்துக்கொள்வது பழைய தந்திரம். இரவில் பேரேடு அதைக் கண்டுபிடிக்காது. புது டிக்கெட் கிழியவில்லை, எண் நகரவில்லை, பையில் கூடுதல் பணமும் இல்லை, ஏனென்றால் அது வேறு எங்கோ போய்விட்டது. கணக்கு சுத்தமாக வரும். வண்டியில் ஏறுபவருக்கு மட்டும் தெரியும். எட்டாவது ஸ்டேஜில் பதினைந்து ரூபாய்க் கட்டு 137இல் நின்றது என்று வே பில் சொல்கிறது. எட்டாவது ஸ்டேஜில்தான் ஏறினேன் என்று சொல்லும் பயணியின் கையில் 129 இருக்கிறது. அப்படி ஒரு டிக்கெட் அவருக்குக் கிடைத்திருக்கவே முடியாது. 129ஆம் எண் அவர் ஏறுவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் டிக்கெட்டைப் பார்க்காமல், "எங்கே ஏறினீங்க?" என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

குறைந்த தொகைக்கு டிக்கெட் கொடுப்பது இன்னொரு வழி. இருபது வாங்கிக்கொண்டு பதினைந்தைக் கிழிப்பது. இதையும் கவுன்டரில் பிடிக்க முடியாது. விற்ற டிக்கெட்டுக்கு உரிய பணம் ஒரு பைசா குறையாமல் வந்து சேர்ந்துவிடும். பயணி எங்கே ஏறினார், எங்கே இறங்கப்போகிறார், என்ன கொடுத்தார் என்ற மூன்றையும் அவர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆம் பிரிவு டிக்கெட் எடுக்காத பயணிக்கு அபராதம் சொல்வது தெரிந்ததே. டிக்கெட் கொடுக்காத, குறைந்த மதிப்புக்கு டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்கும் அதே பிரிவு அபராதம் சொல்கிறது.

சட்டம் சொல்லும் 500 ரூபாய் வரையிலான அபராதத்தைவிடப் பெரியது துறை நடவடிக்கை. கர்நாடகப் போக்குவரத்துக் கழக வழக்கு ஒன்று 2001இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 35 பயணிகளிடம் தலைக்கு 2 ரூபாய் 25 காசு வாங்கிக்கொண்டு 1 ரூபாய் 75 காசு டிக்கெட் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. கூட்டிப் பார்த்தால் 17 ரூபாய் 50 காசு. பணிநீக்கம் சரியே என்றது நீதிமன்றம். இந்த மாதிரி வழக்குகளில் தொகை முக்கியமல்ல, நம்பிக்கைதான் முக்கியம் என்பது நீதிமன்றங்களின் நிலை. அதற்கு முன்பே, 1977இல், ஹரியானா கண்டக்டர் ஒருவரின் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அமர்வு இன்னொன்றைத் தெளிவாக்கியிருந்தது. துறை விசாரணையில் பயணிகளைச் சாட்சிக்கு அழைக்காததால் மட்டும் விசாரணை செல்லாததாகிவிடாது.

நிர்வாகத்தின் பக்கம் இதில் நியாயம் இருக்கிறது. வழியில் இறங்கிப்போன பயணிகளைத் தேடிப் பிடித்து விசாரணை மன்றத்துக்கு வரவழைப்பது நடக்கிற காரியமா? ஆனால் மறுபக்கம் பாருங்கள். பாக்கி வாங்க மறந்துபோன அந்த அம்மாவைக் கண்டக்டராலும் வரவழைக்க முடியாது. இரண்டு தரப்புக்கும் இல்லாமல் போன சாட்சிக்குப் பதிலாக நிற்பது வே பில் ஒன்றுதான். அதில் எண் மாறிப் போயிருந்தால் கண்டக்டருக்கு வேறு நாதியில்லை.

எண்பது ரூபாய் எங்கே போனது?

இப்போது மெஷின் காலம். கண்டக்டர் ஏறிய இடத்தையும் இறங்கும் இடத்தையும் தட்டுகிறார், கட்டணத்தை மெஷின் போடுகிறது. டிக்கெட்டில் எண், நேரம், ஸ்டேஜ் எல்லாம் அச்சாகின்றன. கழித்தலும் பெருக்கலும் போயிற்று, இலக்கம் இடம் மாறுவதும் போயிற்று. பணி முடிந்ததும் மெஷின் ஒரு நீளச் சீட்டைக் கக்குகிறது. டிரிப் வாரியாக எத்தனை டிக்கெட், எவ்வளவு தொகை, அதில் ரொக்கம் எவ்வளவு, யுபிஐ எவ்வளவு என்று அதில் வந்துவிடும்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதுவும் மாதிரிதான். ஒரு வழிக்கு 32 கிலோமீட்டர், ஆறு டிரிப். மெஷின் காட்டும் மொத்தக் கலெக்‌ஷன் 9,840 ரூபாய், அதில் யுபிஐ 1,430. கட்ட வேண்டிய ரொக்கம் 8,410. காலையில் எழுதிய சொந்தப் பணம் 200. பையில் 8,610 இருக்க வேண்டும். இரவு பணிமனைப் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்நூறு, இருநூறு, நூறு என்று கட்டிவைத்து, சில்லறையைப் பத்து பத்தாக அடுக்கி எண்ணினால் 8,530தான் வருகிறது. எண்பது ரூபாய் குறைகிறது.

மறுபடி எண்ணியும் எண்பது குறைகிறது என்றால் கேஷியர் காத்திருக்க மாட்டார். அவர் முன்னால் இருப்பது 8,410 என்ற எண் மட்டுமே. சொந்தப் பணத்திலிருந்து எண்பதைப் போட்டுக் கட்டிவிட்டு, 120 ரூபாயுடன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கிழிந்த நோட்டு ஒன்று திரும்பி வந்தால் அதுவும் அவர் தலையில்தான். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் வாங்க மறுக்கும் பயணிகள் இருக்கும் வரை, பையில் தேங்கும் நாணயங்களை எண்ணித்தரும் நேரமும் அவருடையதே.

எண்பது எங்கே போயிருக்கும்? டிக்கெட் பதிவை நேர வரிசையில் ஓட்டிப் பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கிறது. காலை 9.17க்கு இருபது ரூபாய் டிக்கெட் நான்கு ஒன்றாக அச்சாகியிருக்கின்றன, ரொக்கக் கணக்கில். நான்கு இருபது எண்பது. கண்டக்டருக்கு இப்போது நினைவு வருகிறது. ஒரு குடும்பம் ஏறியது, போனில் ஸ்கேன் செய்தது. போனில் பச்சை டிக் வந்தது, மெஷினில் வரவில்லை. அந்த இடத்தில் சிக்னல் எப்போதும் மோசம். பின்னால் ஆட்கள் நெருக்க, போனில் டிக்கைப் பார்த்துவிட்டு அவர் மெஷினில் ரொக்கம் என்று தட்டி டிக்கெட் கொடுத்துவிட்டார். பணம் வங்கிக்குப் போயிருக்கிறது. மெஷினோ அதைப் பையில் தேடச் சொல்கிறது.

இதை இரவே தீர்க்க முடியாது. கவுன்டரில் இருப்பது மெஷின் சொல்லும் யுபிஐ கணக்கு, வங்கி சொல்லும் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும். அதில் அந்த மெஷினின் பெயரில் 1,430க்குப் பதிலாக 1,510 வந்திருந்து, கூடுதல் எண்பது 9.16க்கு வந்திருந்தால் விஷயம் தெளிவு. கண்டக்டருக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம். ஆனால் அன்றைக்கே தருவது ஆபத்து. பாதியில் நின்ற பரிவர்த்தனையில் பணம் பயணியின் கணக்குக்கே திரும்பிப் போய்விடுவதும் உண்டு. அப்படிப் போயிருந்தால் அந்தக் குடும்பம் இலவசமாகப் போய்விட்டது, கண்டக்டர் அவர்களுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். இரண்டில் எது நடந்தது என்று வங்கிப் பட்டியலையும் மெஷின் பட்டியலையும் வரிக்கு வரி பொருத்திப் பார்க்கும் ஒருவர் இருந்தால்தான் தெரியும். மொத்தத்தோடு மொத்தத்தை மட்டும் பார்க்கும் பணிமனையில் இந்த எண்பது ரூபாய் யாருக்கும் சொந்தமில்லாமல் வங்கிக் கணக்கில் கிடக்கும். அது எண்பதோடு நிற்கவும் செய்யாது, அதே சிக்னல் இல்லாத இடத்தைத் தினமும் எத்தனை வண்டிகள் கடக்கின்றன!

ரொக்கக் கணக்கு அன்றைக்கே முடிய வேண்டும் என்ற பழைய ஒழுங்கும், மின்னணுப் பணம் தாமதமாகத்தான் உறுதியாகும் என்ற புதிய நடைமுறையும் இங்கே முட்டிக்கொள்கின்றன. நடுவில் நிற்பவர் கண்டக்டர். குறைவை அன்றே வசூலிக்கும் விதி இருக்கும்போது, பொருந்தாத யுபிஐ வரவைத் தேடிக் கண்டக்டருக்குத் திருப்பித் தரவும் ஒரு கெடு வைத்த விதி இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

கிலோமீட்டருக்கு எவ்வளவு?

ஏறிய எல்லோருக்கும் டிக்கெட் கிடைத்ததா என்ற இரண்டாவது கேள்விக்கு, வண்டியில் ஏறாமலே பதில் தேடும் முயற்சி ஒன்றும் உண்டு. 9,840 ரூபாயை 192 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 51 ரூபாய் 25 காசு. இதை ஈபிகேஎம் என்பார்கள். அதே வழித்தடம், அதே டிரிப், அதே கிழமை. ஒருவர் போனால் 51, இன்னொருவர் போனால் வாரா வாரம் 43 என்றால் கிளை மேலாளரின் கண் அங்கே நிற்கும்.

நிற்கலாம், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. முகூர்த்த நாளில் வண்டி பிதுங்கும், மறுநாள் காலியாக ஓடும். பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் காலை டிரிப் படுத்துவிடும். நமக்கு ஐந்து நிமிடம் முன்னால் போக வேண்டிய தனியார் வண்டி தாமதமாகக் கிளம்பி நம் வண்டியை ஒட்டி முன்னால் ஓடினால் வழியில் நிற்கும் ஆட்களையெல்லாம் அது வாரிக்கொண்டு போய்விடும். வண்டி பழுதாகி நின்றால் பயணிகள் ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டோடு அடுத்த வண்டியில் ஏறுவார்கள். அந்த வண்டியில் தலைகள் அதிகம் இருக்கும், கலெக்‌ஷன் இருக்காது. இத்தனை பேர் மாறி ஏறினார்கள் என்று அந்த நேரமே வே பில்லில் குறிப்பு எழுதாவிட்டால் இரண்டு கண்டக்டருக்கும் வம்பு. ஆகவே ஈபிகேஎம் செய்யக்கூடியது, எந்த டிரிப்பில் இன்ஸ்பெக்டர் ஏற வேண்டும் என்று கைகாட்டுவது மட்டுமே. கலெக்‌ஷனுக்கு ஏற்ப பேட்டா கிடைப்பதால், கலெக்‌ஷன் குறைவது கண்டக்டருக்கும் பிடிக்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விலையில்லாத டிக்கெட்

2021 மே மாதம் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதோடு இந்தச் சரிபார்ப்பு முறைக்குள் அதுவரை இல்லாத ஒரு பொருள் நுழைந்தது. அது பணமே இல்லாத டிக்கெட். காசு வாங்காவிட்டாலும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும். எத்தனை பெண்கள் பயணித்தார்கள் என்பதற்கு அதுதான் பதிவு. வருவாய் இழப்பை அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது, முதல் ஆண்டில் அறிவித்த தொகை 1,200 கோடி ரூபாய்.

நம் மாதிரி வண்டி நகரப் பேருந்தாக இருந்து, அன்றைக்கு 118 கட்டணமில்லா டிக்கெட் போயிருந்தால் கேஷ் கவுன்டரில் அவற்றின் மதிப்பு பூஜ்யம். 118 என்று இருந்தாலும் 218 என்று இருந்தாலும் கட்ட வேண்டிய பணம் மாறாது. இத்தனை வருடம் கணக்கைத் தாங்கிப் பிடித்த டிக்கெட்டுக்கும் பணத்துக்குமான முடிச்சு இங்கே அவிழ்ந்துவிடுகிறது.

இதில் தவறு இரண்டு திசையிலும் நடக்கலாம். ஆண் பயணியிடம் காசை வாங்கிக்கொண்டு கட்டணமில்லா டிக்கெட்டைத் தட்டிக் கொடுத்தால் பணக்கணக்கு அப்பழுக்கில்லாமல் வரும். ஆனால் டிக்கெட் அந்த ஆளின் கையில் இருக்கும் வரை இது எளிதில் பிடிபடும். இன்னொரு திசைதான் புதியது. கூட்டத்தில் பெண்களுக்கு டிக்கெட் கொடுக்க முடியாமல் விட்டுவிட்டு, ஸ்டேஜ் முடியும்போது குத்துமதிப்பாக இருபதை ஒரேயடியாக அடித்துக் கீழே போட்டுவிடலாம். இதில் கண்டக்டர் பைக்கு ஒரு பைசா போவதில்லை, பெரும்பாலும் நேரமின்மைதான் காரணம். ஆனால் பயண எண்ணிக்கை என்ற பொதுக்கணக்கு கலங்கிவிடுகிறது. எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த வருடம் எங்கே கூடுதல் வண்டி விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்தத் தகவலும் சேர்ந்து கெடுகிறது.

கவுன்டரில் இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தொகையை விட்டுவிட்டு நேரத்தைப் படிப்பது. கூட்ட நெரிசலில் சில்லறை தேடி, ஊர் கேட்டு, டிக்கெட் கொடுக்கும்போது இரண்டு டிக்கெட்டுக்கு நடுவே நொடிகள் கூடியும் குறைந்தும் விழும். இருபது கட்டணமில்லா டிக்கெட் ஒரே நிமிடத்துக்குள், எல்லாம் ஒரே ஊருக்கு, வண்டி நிற்காத இடத்தில் அச்சாகியிருந்தால் அவற்றுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்களா என்று கேட்க வேண்டும். அந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் ஏறினால் அவர் வேலை தலைகீழாகிவிடுகிறது. இதுவரை டிக்கெட் இல்லாத தலைகளைத் தேடியவர், இப்போது தலை இல்லாத டிக்கெட்டுகளையும் எண்ண வேண்டும்.